பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நெய் சாப்பிடலாமா?

வெண்ணெயில் கொழுப்பு போக, தண்ணீரும் சிறிதளவு பால் சர்க்கரையும் (லாக்டோஸ்) பால் புரதமும் இருக்கின்றன. உருக்கும்போது சடசடப்பு அடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். சர்க்கரையும் புரதமும் சிவந்து அடியில் கசண்டாகத் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நெய்யில் இவை மிகமிகச் சொற்பமே.

ஆகவே, பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு ஆகும் லாக்டோஸ் ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்குச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் தொல்லை தராது. இளஞ்சூட்டில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கரண்டியால் மொண்டால் கசண்டும் கூடவே வரும். அந்தக் கசண்டில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவது தனி ருசிதான், ஆனால் விலக்கியதெல்லாம் திரண்டிருப்பது அங்கேதான்.

பால் புரத அலர்ஜி வேறு கதை. பால் பட்டதும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வருபவர்களுக்குத் துளிப் புரதமே போதும். எவ்வளவு வடிகட்டினாலும் அது முழுவதும் நீங்கியதாக நம்ப முடியாது. அலர்ஜி மருத்துவர் அனுமதிக்காதவரை அவர்களுக்கு நெய் வேண்டாம். விருந்துக்குப் போனால் பொங்கல், மைசூர்பாகு பற்றியும் கேட்டுவிடுங்கள்.