கடை லீஸுக்குக் காப்பீட்டுச் சான்று கொடுக்கும்போது

அமெரிக்காவில் கடை வாடகைக்கு எடுத்தால் கட்டட உரிமையாளர் காப்பீட்டுச் சான்று கேட்பார். உங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் சொன்னால் ஆக்கார்டு 25 என்ற படிவத்தைப் பெரும்பாலும் இலவசமாகவே தருவார். கேட்கும்போதே லீஸின் இன்சூரன்ஸ் பகுதியையும் அனுப்பிவிடுங்கள்.

சான்று திரும்பி வர ஒரு வழக்கமான காரணம் உண்டு. உரிமையாளர் பெயர் கீழே சான்று பெறுபவர் கட்டத்தில் மட்டும் இருக்கும். அதனால் அவருக்கு எந்த உரிமையும் வராது. படிவத்தின் மேலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது, யாரும் படிப்பதில்லை! லீஸ் அவரைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொன்னால், பொதுப் பொறுப்புக் காப்பீட்டு வரிசையில் ADDL INSD கட்டத்தில் Y இருக்கிறதா பாருங்கள். கூடவே பாலிசியில் அதற்கான எண்டார்ஸ்மென்ட் என்ற திருத்த இணைப்பும் வேண்டும். அதன் நகலை இணைத்துவிடுங்கள்.

அப்புறம், லீஸில் உரிமையாளர் பெயர் எல்எல்சி என்று முடிந்தால் சான்றிலும் எழுத்து பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும்.