ஹால் ப்ரொஜெக்டர், லேப்டாப் இரண்டிலும் சரியாகத் தெரிய உங்கள் குறும்படத்துக்கு எந்த பிரேம்?

முதல் குறும்படம் எடுப்பவர்களில் பலர் ஸ்கோப் என்ற மிக அகலமான பிரேமில்தான் எடுக்க ஆசைப்படுகிறார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தாலே படத்துக்கு ஒரு சினிமாத்தனம் வந்துவிடுகிறது என்ற எண்ணம். ஆனால் அந்தப் படம் திரையிடப்படப்போவது கல்லூரி அரங்கிலோ நூலக ஹாலிலோ, அப்புறம் நண்பர்களின் லேப்டாப்பிலோதான். அந்த இரண்டு இடத்திலும் ஸ்கோப் படத்தைப் பெரிதாக்காது, சிறிதாக்கும். ஏன் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப பிரேம் வைப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: திரையை அளந்துவிடுங்கள்

கதையை எழுதும்போதே, படம் முதலில் எந்த ஹாலில் ஓடப்போகிறது என்று தெரிந்தால் அங்கே ஒருமுறை டேப்போடு போய் வாருங்கள். மூன்று விஷயம் போதும்: திரையின் அகலம், திரையின் உயரம், கடைசி வரிசை நாற்காலியிலிருந்து திரைக்கு உள்ள தூரம்.

நான் இங்கே ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். 8 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள திரை. கடைசி வரிசை 30 அடி தள்ளி. தரை சமதளம், அதாவது படிப்படியாக ஏறாத ஹால். ப்ரொஜெக்டர் 1024x768, பழைய 4:3 வகை. நம் ஊர்க் கல்லூரிகளில் இந்த அமைப்பை இன்னும் பார்க்கலாம். படம் பார்க்கப்போகும் லேப்டாப் 15.6 அங்குலம், 16:9. அதன் திரை சுமார் 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம்.

படி 2: ஆஸ்பெக்ட் ரேஷியோவை உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். 16:9 என்றால் அகலம் உயரத்தைப் போல் 1.78 மடங்கு. ஸ்கோப் என்றால் 2.39 மடங்கு.

பழைய பெரிய தியேட்டர்களில் ஸ்கோப் படம் தொடங்கும்போது இருபுறமும் திரைச்சீலை விலகும். உயரம் அப்படியே இருக்க, அகலம் கூடும். அதனால் அங்கே ஸ்கோப் நிஜமாகவே பெரிய படம். நம் ஹாலில் விலகுவதற்கு எதுவும் இல்லை. அகலம் 8 அடியோடு நின்றுவிட்டது. விகிதம் கூடினால் உயரம்தான் குறையும். லேப்டாப்பிலும் இதே கதைதான்.

கணக்கு எளிது. 8 அடி அகலத் திரையில் 16:9 படம் 4.5 அடி உயரம் வரும். 2:1 படம் 4 அடி. ஸ்கோப் படம் 3 அடி 4 அங்குலம்தான். 6 அடி திரையில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் படம், மீதி பட்டை. அந்தப் பட்டை தியேட்டர் போலக் கறுப்பாகவும் இருக்காது. சாதாரண ப்ரொஜெக்டரால் முழுக் கறுப்பைக் காட்ட முடியாது; கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டே இருக்கும். ஜன்னல் வழியாக வெளிச்சம் வரும் ஹாலில் அது சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும்.

இப்போது கடைசி வரிசைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் திரை அகலத்தைப் போல 3.75 மடங்கு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார் (30 வகுத்தல் 8). அதே அனுபவம் லேப்டாப்பில் வேண்டுமென்றால் 34.5 செ.மீ.யை 3.75ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 130 செ.மீ., அதாவது நாலேகால் அடி. லேப்டாப்பை நாம் வழக்கமாக 60 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஆக, கடைசி வரிசைக்காரருக்கு ஹால் திரை உங்கள் லேப்டாப்பை விடப் பாதிக்கும் குறைவான அளவில்தான் தெரிகிறது. 'பெரிய திரைதானே, வைட் ஷாட் நன்றாகத் தெரியும்' என்று நம்பி எடுத்த ஷாட்டுகள் காணாமல் போவது இதனால்தான்.

என் முடிவு: இரண்டு இடத்திலும் ஓட வேண்டிய முதல் படத்துக்கு 16:9. கொஞ்சம் அகலமான தோற்றம் வேண்டும் என்று மனசு கேட்டால் 2:1 வரை போகலாம். ஸ்கோப் வேண்டாம். அப்படியானால் 4:3 இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். உயரக் கணக்கில் ஆமாம், இந்த ஹாலில் முழு 6 அடியும் கிடைக்கும். ஒரே ஆளைச் சுற்றி நடக்கும் கதைக்கு அது அருமையான தேர்வு. ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகள் நிறைய இருந்தால் இடநெருக்கடி தெரியும், லேப்டாப்பில் இருபுறமும் பட்டை வரும்.

படி 3: கேமரா திரையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்

16:9 என்றால் செய்ய ஒன்றுமில்லை. கேமராவும் போனும் வீடியோவை வழக்கமாக அப்படித்தான் எடுக்கின்றன. 2:1 என்றால், எடுப்பது 16:9இலேயே இருக்கட்டும். பிரேம் வைப்பது மட்டும் 2:1க்கு. 1920x1080 படத்தில் 2:1 என்பது 1920x960. மேலே 60 பிக்சல், கீழே 60 பிக்சல் போகும். மானிட்டரில் பிரேம் கைடு வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 5 அங்குல மானிட்டரின் மேலும் கீழும் மூன்றரை மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினால் போதும். அந்த டேப்புக்குப் பின்னாலும் மைக், லைட் ஸ்டாண்டு எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எடிட்டிங்கில் படத்தை மேலோ கீழோ நகர்த்திச் சரிசெய்ய அந்த இடம் உதவும்.

படி 4: முகம், கீழ்ப்பகுதி, ஓரம்

மனித முகம் சுமார் 9 அங்குல உயரம். பிரேமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை முகம் பிடித்தால், 4.5 அடிப் படத்தில் அது ஒன்றரை அடி. 30 அடி தள்ளியிருப்பவருக்கு, 15 அடி தூரத்தில் ஒருவர் நிற்பது போலத் தெரியும். கண் கலங்குவதை அந்தத் தூரத்தில் கவனிக்கலாம். அதே ஆள் தலை முதல் கால் வரை பிரேமில் நின்றால் முகம் அரை அடிகூட வராது. 50 அடி தள்ளி நிற்பவர் போல ஆகிவிடுவார். ஸ்கோப்பில் அதே ஷாட் 67 அடி. அங்கே நடை தெரியும், உடல்மொழி தெரியும், கண் தெரியாது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஊருக்குக் கிளம்பும் பேத்தி வாசலில் நிற்கிறாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா மடித்த ரூபாய் நோட்டை அவள் கையில் திணிக்கிறார். ஸ்கோப்பில் யோசித்தால் இயல்பாக வருவது இது: தாத்தா இடது ஓரம், பேத்தி வலது ஓரம், நடுவில் வெற்றுச் சுவர், கைகள் பிரேமின் அடியில் சந்திக்கின்றன. போஸ்டருக்கு அழகான படம். ஆனால் நம் ஹாலில் இரண்டு முகமும் 60 அடி தள்ளிப் போய்விட்டன. கைகளோ முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால்.

சமதள ஹாலில் இந்தத் தலைகள்தான் பெரிய விஷயம். திரையின் கீழ்ப்பகுதியில் எவ்வளவு மறையும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள். நான் வைத்துக்கொள்ளும் வழக்கம், பிரேமின் கீழ் ஆறில் ஒரு பங்கில் கதைக்குத் தேவையான எதையும் வைக்காமல் இருப்பது. சப்டைட்டிலுக்கும் இதே கட்டுப்பாடு. எடிட்டிங் மென்பொருள் தானாக வைக்கும் இடத்திலிருந்து அதைச் சற்று மேலே ஏற்றுங்கள். லேப்டாப்பில் பார்க்கும்போது வரும் பிளே, பாஸ் பட்டையும் கீழேதான் வரும் என்பதால் அங்கேயும் இது பயன்படும்.

சரி, காட்சியை மாற்றிப் பிடிப்போம். 16:9. பேத்தியைத் திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்காரவையுங்கள். கேமராவை இடுப்புக்கு மேல் தெரியும்வரை கிட்டே கொண்டுபோங்கள். இப்போது இரண்டு முகமும் பிரேம் உயரத்தில் நான்கில் ஒரு பங்காவது வரும். தாத்தா அவள் கையை நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்து நோட்டை வைத்து விரல்களை மடக்கட்டும். கை பிரேமின் நடுவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், மடங்கும் விரல்களை மட்டும் ஒரு க்ளோஸ் அப் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுச் சுவர் உங்களுக்குப் பிடித்திருந்தால், அவள் போன பிறகு தாத்தா தனியாக உட்கார்ந்திருக்கும் வைட் ஷாட்டில் அதை வைக்கலாம். அங்கே கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஓரங்களைப் பற்றிச் சுருக்கமாக. சில ப்ரொஜெக்டர்கள் ஓவர்ஸ்கேன் என்ற பெயரில் நாலு பக்கமும் படத்தைக் கொஞ்சம் வெட்டும். எழுத்துகள் எல்லாம் படத்தின் நடு 90 சதவீதத்துக்குள் இருந்தால் தப்பிக்கும். 1920x1080இல் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டால் அந்த அளவு வரும்.

படி 5: ஹாலுக்குப் போகும் கோப்பு

2:1 படமாக இருந்தாலும் ஹாலுக்கு 1920x1080 கோப்பாகவே, பட்டையோடு கொடுங்கள். வழக்கமில்லாத அளவுள்ள கோப்பைச் சில பிளேயர்கள் இழுத்து நிரப்பிவிடும். கூடவே ஒரு சோதனைக் கோப்பும் எடுத்துப் போங்கள். கணினியில் ffmpeg என்ற வீடியோ மென்பொருள் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் இதை ஒரே வரியாக ஓட்டுங்கள்:

```
ffmpeg -f lavfi -i color=black:s=1920x1080:r=25 -vf "drawbox=0:0:1920:1080:white:4,drawbox=96:54:1728:972:yellow:4,drawbox=840:420:240:240:red:4" -t 120 -pix_fmt yuv420p test.mp4
```

ஓரத்தில் வெள்ளைக் கோடு, உள்ளே 90 சதவீத மஞ்சள் கட்டம், நடுவில் சிவப்புச் சதுரம் என்று இரண்டு நிமிட வீடியோ வரும்.

படி 6: ஹாலில் அரை மணி நேரம் முன்னால்

லேப்டாப்பை இணைத்ததும் விண்டோஸில் Win + P அழுத்துங்கள். Duplicate வேண்டாம்; இரண்டு திரைக்கும் பொதுவான அளவை அது தேடும்போது ஏதாவது ஒரு திரையில் படம் கெடலாம். Extend அல்லது Second screen only தேர்ந்தெடுத்து, Display resolution என்ற இடத்தில் ப்ரொஜெக்டரின் சொந்த அளவை வையுங்கள். நம் உதாரணத்தில் 1024x768.

test.mp4ஐ முழுத்திரையில் ஓட்டி, சிவப்புச் சதுரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். 8 அடித் திரையை அகலம் முழுக்கப் படம் நிரப்பியிருந்தால் அது சரியாக ஓர் அடிக்கு ஓர் அடி இருக்க வேண்டும். அகலம் ஓர் அடி, உயரம் 1 அடி 4 அங்குலம் என்றால் 16:9 படத்தை 4:3க்கு இழுத்துவிட்டிருக்கிறது, எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள். ப்ரொஜெக்டர் மெனுவில் Aspect என்ற இடத்தில் Full இருந்தால் Normal அல்லது 16:9க்கு மாற்றுங்கள். வெள்ளைக் கோடு ஏதாவது ஒரு பக்கம் காணவில்லை என்றால் Overscan தான் காரணம். அதை Off செய்யுங்கள். மெனுவில் அது இல்லாவிட்டாலும், மஞ்சள் கட்டம் முழுசாகத் தெரிந்தால் உங்கள் எழுத்துகள் தப்பித்தன.

16:9 படம் 6 அடித் திரையின் நடுவில் நின்றால், கீழே முக்கால் அடி பட்டை இருக்கும். மேலே உள்ள பட்டை திரைக்கு மேலுள்ள சுவரில் விழும்படி ப்ரொஜெக்டரின் முன்காலைச் சற்று உயர்த்தினால், அந்த முக்கால் அடியும் படம் மேலே ஏறும், முன்வரிசைத் தலைகளிலிருந்து அவ்வளவு விலகும். உயர்த்தும்போது படத்தின் மேல்பக்கம் அகன்றுபோனால், அந்தச் சாய்வைச் சரிசெய்யும் கீஸ்டோன் அமைப்பை ப்ரொஜெக்டரில் அளவாக மாற்றிச் சதுரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.