காலை ஸ்டாண்ட்-அப்பில் வானிலை எமோஜி: அமைக்கும் முறையும், அதை நம்பக் கூடாத இடமும்

எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஆறு பேர் கோவையில், இருவர் மான்செஸ்டரில். தினமும் காலை ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிட ஸ்டாண்ட்-அப். அதன் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் மனநிலையை ஒரு வானிலை எமோஜியால் சொல்லும் வழக்கத்தை ஏழு மாதங்களாகப் பின்பற்றுகிறோம். முதல் இரண்டு மாதம் அது சரியாக வேலை செய்யவில்லை. பிறகு திருத்தியபடி இங்கே எழுதுகிறேன். ஸ்லாக்கில் சேனல் தொடங்குவது, ஆட்களைச் சேர்ப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த எமோஜிகள்?

நான் சறுக்கியது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் எல்லாப் பட்டியல்களும் வெயிலில் தொடங்கி இடிமழையில் முடிகின்றன: வெயில் என்றால் மகிழ்ச்சி, மழை என்றால் சோர்வு. அதை அப்படியே எடுத்துப் போட்டேன். மே மாதம் அக்னி நட்சத்திரம் நடக்கும்போது ஒருநாள் கோவையில் மாலை நல்ல மழை. மறுநாள் காலை எங்கள் ஆட்கள் நான்கு பேர் 🌧️ போட்டார்கள். என்ன ஆயிற்றோ என்று பதறி ஒவ்வொருவராகத் தனியே அழைத்தேன். "மழை பெய்து குளிர்ந்துவிட்டதே, அதனால்தான்" என்றார்கள். அதே காலை மான்செஸ்டர் தோழி போட்டதும் 🌧️ தான். அவர் உண்மையிலேயே வாடிப் போயிருந்தார். அவரை நான் அழைக்கவே இல்லை. அவர் எப்போதும் மழையைப் பற்றிப் பேசுபவர் என்று விட்டுவிட்டேன்.

வெயிலில் வெந்துவிட்டு வருகிற நமக்கு ☀️ எப்படி மகிழ்ச்சிக்குக் குறியாகும்? மழை நமக்கு வரவு. வருடத்தில் பாதி நாள் வானம் மூடியே இருக்கும் ஊர்க்காரருக்கு வெயில்தான் வரவு. ஒரே படம் இரண்டு ஊரில் இரண்டு பொருள் தந்தது. அளவுகோலைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தேன். அப்போது மான்செஸ்டரில் இருக்கும் இருவருக்கும் குழப்பம். கடைசியில் வெயில், மழை இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இரு ஊருக்கும் ஒரே பொருள் தருகிற நான்கு மட்டும் மிஞ்சின:

🍃 காற்று. இன்று கூடுதல் வேலை வந்தாலும் எடுத்துக்கொள்வேன்.
⛅ மேகம். என் வேலை ஓடும். புதிதாக எதுவும் வேண்டாம்.
☁️ புழுக்கம். மெதுவாகத்தான் போகும், யாராவது கைகொடுத்தால் நல்லது.
⛈️ இடி. கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியே பேசுங்கள்.

"புழுக்கம்" என்ற சொல் கிடைத்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. உடம்புக்கும் மனத்துக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மான்செஸ்டர் தோழர்களுக்கு அதை விளக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இப்போது அவர்களும் அந்தச் சொல்லையே சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலப்பக்கம் எழுதியிருப்பது உணர்ச்சியின் பெயர் அல்ல. இன்று என்னிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதுதான். "சோகமாக இருக்கிறேன்" என்று எட்டுப் பேர் முன்னால் சொல்ல யாரும் விரும்புவதில்லை. "இன்று புதிய வேலை வேண்டாம்" என்று சொல்ல முடியும். இந்தப் பட்டியலை சேனலின் மேலே பின் செய்து வையுங்கள்.

படி 2: நினைவூட்டல்

இதற்கென்று தனிச் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் பல, பதில்களைச் சேர்த்து வரைபடமாகப் போட்டுத் தருகின்றன. எனக்கு அவை வேண்டாம், காரணம் படி 5-இல். ஸ்லாக்கில் ஏற்கெனவே உள்ள கட்டளை போதும்:

```
/remind #kaalai "இன்றைய வானிலை? 🍃 ⛅ ☁️ ⛈️" every weekday at 9:25am
```

சேனல் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: எல்லோரும் ஒரே நேரத்தில்

தொடக்கத்தில் அந்த நினைவூட்டலின் கீழேயே ரியாக்‌ஷன் போடச் சொன்னேன். எண்ணிக்கை உடனே தெரிவதால் வசதி என்று நினைத்தேன். நான்தான் முதல் ஆளாக ☀️ போடுவேன். பின்னால் வரிசையாக ☀️ ☀️ ☀️. அணித்தலைவர் போட்டதற்கு மாறாகப் போட யாருக்குத் துணிவு வரும்? ரியாக்‌ஷனில் யார் எதைப் போட்டார் என்று பெயரும் தெரியும். ஏற்கெனவே நான்கு பேர் அழுத்திய படத்தின் மேல் ஐந்தாவது ஆளாக அழுத்துவது எளிது. தனியாக ஒரு ⛈️ வைப்பது மிகக் கடினம்.

இப்போது வீடியோ அழைப்பில் எல்லோரும் வந்ததும், உரையாடல் பெட்டியில் எமோஜியைத் தட்டச்சு செய்துவிட்டுக் காத்திருப்போம். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் எல்லோரும் ஒன்றாக எண்டர் அழுத்துவோம். இரண்டு நொடி வேலை. மாற்றிய அந்த வாரமே ☁️ வரத் தொடங்கியது. தலைவர் முதலில் தன் கஷ்டத்தைக் காட்டினால் மற்றவர்களும் திறப்பார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதோடு உடன்படவில்லை. தலைவரின் ⛈️ கூட மற்றவர்களை இழுக்கும். அவரே இடி போடும்போது என் புழுக்கம் ஒரு பொருட்டா என்று நினைத்து அடங்கிவிடுவார்கள்.

படி 4: போட்ட பிறகு என்ன செய்வது

கூட்டத்தில் யாரிடமும் "ஏன்?" என்று கேட்கக் கூடாது. இது எங்கள் ஒரே கண்டிப்பான விதி. ☁️ போட்டவரின் வேலையில் எதைத் தள்ளிவைக்கலாம், எதை 🍃 போட்டவர் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் பேசுவோம். ⛈️ வந்தால் அன்றே, மதியத்துக்குள், நான் தனியாக அழைப்பேன். அழைப்பு பத்து நிமிடமாக இருந்தாலும் போதும். மறந்துவிடக் கூடாது. ஒருமுறை மறந்தால் அந்த ஆள் மறுபடியும் ⛈️ போட மாட்டார்.

படி 5: சேர்த்து வைக்காதீர்கள்

மாதக் கடைசியில் யார் எத்தனை நாள் ☁️ போட்டார் என்று அட்டவணை தயாரிக்கும் ஆசை வரும். வேண்டாம். அப்படி ஒரு கோப்பு இருக்கிறது என்று தெரிந்த கணத்தில் எல்லோரும் 🍃 ஆகிவிடுவார்கள். ஆண்டு மதிப்பீடு நடக்கும் மாதங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். பெயர் இல்லாமல் தொகுக்கிறோம் என்பதும் எட்டுப் பேர் கொண்ட குழுவில் பொருளற்றது. யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இது எங்கே நிற்கிறது

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் சோதனைப் பொறியாளர் ஒருவர் ஏழு வாரமாகத் தினமும் ⛅ போட்டுவந்தார். ஒருநாளும் மாறவில்லை. அவர் நிதானமானவர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உறுத்தியவை வேறு இரண்டு: அவர் அனுப்பும் செய்திகளில் பாதி அதிகாலை மூன்று மணிக்கு வந்தன, நான்கு மணித் தேநீருக்கு எங்களோடு வருவதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் மாலை அலுவலக வாசலில் நின்று பேசினோம். அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியலுக்கு முன்பே கூட்டிப்போய், முடியும்வரை காத்திருந்து, வீட்டில் விட்டுவிட்டு நேரே ஸ்டாண்ட்-அப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். இடையில் இரவு நேரப் பொறுப்பும் அவருக்கு.

"தினமும் கேட்டோமே, ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"அக்கா, காலை ஒன்பதரைக்கு எனக்கு ஒன்றும் இல்லை. அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவிட்டு வந்த நிம்மதியில் இருப்பேன். இரவு இரண்டு மணிக்குக் கேட்டிருந்தால் வேறு போட்டிருப்பேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எமோஜி கேட்டது அந்த நிமிடத்தை. அவருக்கு இருந்தது பல வாரங்களாகச் சேர்ந்த களைப்பு. ஒரு நிமிடத்தைக் கேட்கும் கேள்வியால் வாரங்களை அளக்க முடியாது. மனநலத்தை அளக்கவென்று உருவாக்கப்பட்ட கருவிகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் வழங்கும் WHO-5 என்ற சிறு வினாத்தாளில் ஐந்தே வாக்கியங்கள். மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பு இருந்ததா, தூங்கி எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்வில் ஆர்வம் தரும் விஷயங்கள் இருந்தனவா. கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு இத்தனை என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நோய் இருக்கிறது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த நண்பரின் ⛅ வரிசையில் தூக்கத்தைப் பற்றிய கேள்வி எங்குமே இல்லை என்பதைப் பாருங்கள்.

அந்த வினாத்தாளைக் குழுவில் சுற்றுக்கு விடாதீர்கள். அது அவரவர் தனியாக நிரப்பித் தமக்கே வைத்துக்கொள்ள வேண்டியது. மேலாளர் கையில் அந்த மதிப்பெண் இருக்கக் கூடாது. வேலைநேரத்தில் சொல்ல முடியாத சுமை இருப்பவர்களுக்காக எங்கள் சேனலில் பின் செய்த பட்டியலின் கீழே 14416 என்ற எண்ணையும் சேர்த்திருக்கிறேன். இது மத்திய அரசின் டெலி மனஸ் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

நண்பருக்கு உதவியது எமோஜி அல்ல, பணி அட்டவணை. இரவுப் பொறுப்பிலிருந்து மூன்று மாதத்துக்கு விலக்கினோம். டயாலிசிஸ் நாட்களில் அவர் ஸ்டாண்ட்-அப்புக்கு வர வேண்டாம், பதினொரு மணிக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று மாற்றினோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியே பேசுவதையும் அப்போதுதான் தொடங்கினேன். அதில் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றி.

உங்கள் குழுவில் இது வெறும் சடங்காகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. சென்ற மாதத்தில் ஒரு ☁️ அல்லது ⛈️ காரணமாக யாருடைய வேலையாவது உண்மையில் கை மாறியதா? ஒருமுறைகூட இல்லை என்றால், அதே நேரத்தில் "இன்று யாருக்கு உதவி வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள்.

சேர்க்கை 1: ☁️, ⛈️ இரண்டும் சிலர் திரையில் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக வருகின்றன என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு குறிகளும் முதலில் வெறும் எழுத்துக் குறிகள். வண்ணப் படமாகக் காட்டு என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி (U+FE0F) ஒன்று பின்னால் வர வேண்டும். வேறெங்கிருந்தோ நகலெடுக்கும்போது அது விடுபட்டுவிடும். நகலெடுக்காமல் ஸ்லாக்கில் `:cloud:`, `:thunder_cloud_and_rain:` என்று தட்டச்சு செய்யுங்கள். 🍃-க்கு `:leaves:`, ⛅-க்கு `:partly_sunny:`.

சேர்க்கை 2: பார்வைக் குறைபாடு உள்ள வாசகர் ஒருவர், திரைவாசிப்பான் 🍃-ஐக் காற்றில் ஆடும் இலை என்றும், ⛅-ஐ மேகத்துக்குப் பின்னால் சூரியன் என்றும் நீட்டி வாசிப்பதாகவும், எட்டுப் பேருடையதைக் கேட்டு முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவதாகவும் எழுதினார். அவர் சொன்னது சரி. இப்போது எங்கள் குழுவில் படம் விருப்பம்போல். காற்று, மேகம், புழுக்கம், இடி என்ற சொல்லைக் கட்டாயம் எழுதுகிறோம்.