முடங்கிப்போன சேமிப்புக் கணக்கு: வங்கிக்குப் போகும் முன் செய்யும் தவறுகள்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்துக்காக அங்கேயே ஒரு வங்கியில் கணக்கு திறந்திருக்கிறார். 2021 ஜூனில் வேலையை விட்டு ஊருக்கு வரும்போது ஏடிஎம்மில் கடைசியாக ஒரு முறை பணம் எடுத்தார். பதினோராயிரம் ரூபாய் மிச்சம். அப்புறம் ஊரில் வேறு வங்கியில் கணக்கு, வேறு சிம், வாழ்க்கை அப்படியே போய்விட்டது. நான்கு வருடம் கழித்து பிஎஃப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் பிஎஃப்பில் இணைத்திருப்பது அந்தக் கணக்குதான். கார்டு போட்டால் பணம் வரவில்லை, யுபிஐ ஏற்கவில்லை, காசோலை கொடுத்தாலும் திரும்பி வருகிறது.

இந்த இடத்தில் பலர் செய்யும் முதல் தவறு, கணக்கு ஏன் நின்றது என்று கேட்காமலே தாள்களைச் சேர்க்க ஓடுவது. பரிவர்த்தனை நிற்க குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எதுவும் செய்யாததால் கணக்கு செயல்படாத கணக்காகியிருக்கலாம். கேஒய்சி புதுப்பிக்கும் காலம் கடந்ததால் நிறுத்தியிருக்கலாம். இல்லையென்றால் காவல்துறை அல்லது நீதிமன்றம் சொல்லி பணத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். மூன்றாவதற்கு ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை. முதல் இரண்டும் ஒன்றாகவே வருவதும் உண்டு. அதனால் கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த அக்கவுன்ட் டார்மன்ட்டா, கேஒய்சி பெண்டிங்கா, வேற ஏதாவது ஹோல்ட் இருக்கா?"

"வட்டி வந்துகொண்டுதானே இருக்கிறது, எப்படி முடங்கும்?" என்று கேட்பவர்கள் நிறைய. ஓசூர்க்காரரின் பாஸ்புக்கிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரவு வைத்த பதிவு இருக்கும், நடுவில் எஸ்எம்எஸ் கட்டணம் பிடித்த பதிவும் இருக்கும். இதெல்லாம் வங்கி தானாகச் செய்வது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி இவை வாடிக்கையாளரின் நடவடிக்கை ஆகாது. கடைசியாக அவர் கைப்பட்டது 2021 ஜூன், ஆகவே 2023 ஜூன் தாண்டியதும் கணக்கு முடங்கியது. பணம் போட்டு எடுத்தால்தான் நடவடிக்கை என்றும் இல்லை. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளின்படி, நெட் பேங்கிங்கில் உள்ளே நுழைவது, ஏடிஎம்மில் இருப்பு பார்ப்பது, கேஒய்சி புதுப்பிப்பது எல்லாமே வாடிக்கையாளரின் நடவடிக்கைதான். முடங்குவதற்கு முன்பு இவற்றில் ஒன்று போதும். முடங்கிய பிறகு போதாது.

அங்கேதான் அடுத்த தவறு. தம்பியை விட்டு நூறு ரூபாய் அனுப்பச் சொல்லி கணக்கை எழுப்பப் பார்ப்பார்கள். பணம் சில சமயம் உள்ளே போகும், சில வங்கிகளில் திரும்பிவிடும். போனாலும் கணக்கு எழாது, வெளியே எடுக்கவும் முடியாது. பிஎஃப், மானியம், காப்பீட்டுத் தொகை போன்ற பெரிய தொகையை முடங்கிய கணக்குக்கு வரவழைப்பது அதைவிட மோசம். முதலில் கணக்கு, அப்புறம் விண்ணப்பம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

சரி, என்ன எடுத்துப் போக வேண்டும்? கணக்கைத் திரும்ப இயக்கக் கேட்கும் விண்ணப்பம் (கிளையில் படிவம் இருக்கும், சில இடங்களில் வெள்ளைத்தாளில் எழுதினாலும் ஏற்பார்கள்), கேஒய்சி படிவம், பான் அட்டை, ஆதார் அல்லது பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற ஒன்று, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பாஸ்புக். பான் இல்லாதவர் அதற்குப் பதிலான படிவம் பற்றிக் கிளையில் கேட்கலாம். நகலில் உங்கள் கையெழுத்து வேண்டும், அசலைக் காட்டச் சொல்வார்கள். நகலை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போய், திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

பட்டியல் சின்னதுதான். சிக்கல் வருவது விவரங்கள் ஒத்துப்போகாத இடத்தில். கணக்கு திறந்தபோது "எம். செல்வம்" என்று இருக்கும், ஆதாரில் "செல்வம் முருகேசன்" என்று இருக்கும். கல்யாணத்துக்குப் பின் பெண்கள் பெயர் மாறியிருக்கும். அப்போது திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கேட்பார்கள். முகவரி மாறியிருந்தால் புதிய முகவரி உள்ள சான்று வேண்டும், ஆதாரை முன்கூட்டியே திருத்திவிடுவது நல்லது. கையெழுத்து இன்னொரு தொல்லை. இருபது வயதில் போட்ட கையெழுத்தும் இன்றைக்குப் போடுவதும் ஒன்றாக இருக்காது. பழையதை ஞாபகப்படுத்தி நடுங்கிக்கொண்டே போட்டுப் பார்ப்பதைவிட, "கையெழுத்து மாறிவிட்டது, புதியதைப் பதிவு செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஓசூர்க்காரருக்குச் சிம்மும் மாறிவிட்டதே. அதற்குத் தனிப் படிவம் உண்டு, அதே நாளில் கொடுத்துவிட வேண்டும். கணக்கு எழுந்த பிறகு ஓடிபி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் பாதி வேலைதான் முடிந்தது.

கூட்டுக் கணக்கு என்றால் எல்லோருடைய சான்றும் கையெழுத்தும் கேட்பது வழக்கம். ஒருவர் இறந்திருந்தால் அதை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். அவர் மட்டுமே வைத்திருந்த கணக்கானால் அது திரும்ப இயக்கும் வேலையே அல்ல, வாரிசோ நாமினியோ உரிமை கோரும் வேலை. படிவமும் தாள்களும் வேறு.

"கணக்கு திறந்த கிளைக்கே போக வேண்டும்" என்று சொன்னால் அப்படியே ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டாம். அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கேஒய்சி புதுப்பிக்கலாம் என்பதே விதி. வீடியோ மூலம் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் கேட்கலாம். கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று முடங்கிய கணக்கில் அபராதம் பிடிக்கவும் கூடாது. முழு விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். "முழு" என்ற சொல்லில்தான் காலம் ஓடும், எனவே தேதி முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கூகுளில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணை அழைத்து கணக்கு எண்ணையும் ஓடிபியையும் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பத்து வருடம் தாண்டியிருந்தால் இருப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை, அதே வங்கியிடம் அதே சான்றுகளோடு கேட்டால் திரும்பக் கிடைக்கும். எந்த வங்கி என்றே மறந்திருந்தால் udgam.rbi.org.in தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

கணக்கு எழுந்துவிட்டது என்று எஸ்எம்எஸ் வந்ததும் மொத்தப் பணத்தையும் ஒரே மூச்சில் எடுக்கப் பார்ப்பது கடைசித் தவறு. புதிதாக எழுந்த கணக்கில் சில காலம் எண்ணிக்கைக்கும் தொகைக்கும் வரம்பு வைக்க வங்கிக்கு உரிமை உண்டு. ஆறு மாதமாவது உள்ளுக்குள் கண்காணிக்கவும் வேண்டும். ஓசூர்க்காரர் முதல் வேலையாக ஐந்நூறு ரூபாய் எடுத்துப் பார்க்கட்டும். அது நடந்தால் பிஎஃப் விண்ணப்பத்தை அனுப்பலாம். பணம் வந்த பிறகு எடுப்பதற்கு என்ன வரம்பு என்று கிளையில் முன்கூட்டியே கேட்டுவைத்தால் போதும்.