குடிநீர் சுத்திகரிப்பான் விளம்பர வாசகம்: தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநீர் சுத்திகரிப்பானுக்கு விளம்பர வாசகம் தேர்ந்தெடுக்க உட்காரும் குழுக்கள் வழக்கமாக ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுகின்றன. நினைவில் நிற்கிறதா, உண்மையா, பிற மொழிகளுக்குப் போகுமா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். முதல் தவறு இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. ‘நூறு சதவீதம் தூய நீர்’ என்ற வாசகம் நினைவுக்கு 9, உண்மைக்கு 3, மொழிபெயர்ப்புக்கு 10 பெற்று 22 எடுத்துவிடும். நேர்மையான வாசகம் ஒன்று 5, 9, 7 என்று 21-இல் நின்றுபோகும். குடிக்கும் நீரைப் பற்றிய பொய் ஒரு மதிப்பெண்ணில் வென்றுவிடுகிறது. உண்மைக்கு மதிப்பெண் போடவே கூடாது. அது தேறியதா, தேறவில்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும். தேறியவற்றை மட்டுமே மற்ற இரண்டு அளவுகோல்களுக்கும் அனுப்ப வேண்டும்.

உண்மையைச் சோதிக்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. வாசகம் பொய்யாகத் தோன்றுகிறதா என்று பார்க்கிறார்களே தவிர, எந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறது என்று பார்ப்பதில்லை. யு.வி. விளக்கு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். நீரில் கரைந்திருக்கும் உப்பை அது தொடுவதே இல்லை. கரைந்த உப்பைக் குறைப்பது ஆர்.ஓ. சவ்வு. இரண்டையும் விற்கும் நிறுவனம் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே வாசகத்தை அச்சிட்டால், அது ஒரு பெட்டியில் உண்மையாகவும் அடுத்த பெட்டியில் பொய்யாகவும் இருக்கும். ஆகவே வாசகத்தின் பக்கத்தில் அது பொருந்தும் மாடல்களின் பெயரையும், அதை நிறுவும் பரிசோதனை அறிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத வாசகத்தை அங்கேயே நீக்கிவிடலாம்.

சதவீதங்கள் இன்னும் ஏமாற்றும். ‘99.9% கிருமிகளை அழிக்கும்’ என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஒரு லிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தால் நூறு மிஞ்சும் என்பதுதான் அதன் பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987-இல் வகுத்த சோதனை முறை பாக்டீரியாவுக்கு 99.9999%, வைரஸுக்கு 99.99%, நீர்வழி ஒட்டுண்ணிகளின் கூடுகளுக்கு 99.9% என்று தனித்தனியே கேட்கிறது. ‘கிருமிகள்’ என்று பொதுவாகச் சொல்லி, மூன்றில் மிகத் தளர்வான எண்ணை எல்லாவற்றுக்கும் பொருத்துவது வாங்குபவரைத் தவறான நம்பிக்கையில் நிறுத்துகிறது. ‘பார்த்தாலே தெரியும் தூய்மை’ போன்ற வாசகங்களும் இதே வகை. கிருமியும் ஃபுளோரைடும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி ஒரு வாசகத்தை எடுத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். ஆர்.ஓ.வும் யு.வி.யும் சேர்ந்த மாடல், ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கானது என்று வைத்துக்கொள்வோம். ‘உப்பைக் குறைக்கும், உயிரைக் காக்கும்’ என்று ஒருவர் எழுதுகிறார். மோனையும் இயைபும் நன்றாக விழுந்திருக்கின்றன. ஆனால் முதல் பாதியை அளந்து காட்டலாம்; இரண்டாம் பாதி மருத்துவ வாக்குறுதி. ஓசைக்காகச் சேர்ந்த சொல் நிறுவனத்தால் காப்பாற்ற முடியாத உறுதிமொழியாகிவிடுகிறது. இந்தத் துறையில் நான் அதிகம் அஞ்சுவது இந்த வகை வாசகங்களைத்தான்.

அடுத்து ‘உப்புத் தண்ணீர் உள்ளே, நல்ல தண்ணீர் வெளியே’ என்று திருத்துகிறார்கள். நம் வீடுகளில் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்ற இரண்டும் அன்றாடப் பேச்சு. ஆகவே வாசகத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆனால் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து நல்ல தண்ணீர் மட்டும் வெளியே வருவதில்லை. உப்பு செறிந்த கழிவுநீரும் வருகிறது. பல வீட்டு இயந்திரங்களில் அது நல்ல நீரைவிட அதிகம். குழாயடியில் வாளி வைத்துப் பிடிக்கும் இல்லத்தரசிக்கு இது முதல் நாளே தெரியும். மூன்றாவது வடிவம் இது: ‘குழாயில் உப்புத் தண்ணீர், குவளையில் நல்ல தண்ணீர்.’ கழிவை அது மறுக்கவில்லை. நீரில் கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். அளவியால் உப்பை அளக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 இந்த மொத்தத்துக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. அந்த அளவி கிருமியைக் காட்டாது. எனவே ‘நல்ல’ என்ற சொல்லுக்குத் தனியாக நுண்ணுயிர்ப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும்.

நினைவைச் சோதிப்பதில் நடக்கும் பிழை, ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பது. பிடிப்பது வேறு, தங்குவது வேறு. பத்து வாசகங்களை வேறு வேறு பொருள்களின் விளம்பரங்களோடு கலந்து காட்டுங்கள். மறுநாள் எதுவும் காட்டாமல், என்ன நினைவிருக்கிறது, அது எந்த நிறுவனத்துடையது என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். ‘துளித்துளியாய்த் தூய்மை’ முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் வீழும். ஏனென்றால் அதன் கீழே எந்தப் போட்டி நிறுவனத்தின் பெயரையும் எழுதலாம். அந்த வாசகத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதி போட்டியாளருக்குப் போய்ச் சேரும்.

மொழிபெயர்ப்பில் பலர் செய்யும் தவறு, தமிழ் வாசகத்தை முடித்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது. கொண்டுபோக வேண்டியது மோனையை அல்ல, எதிர்நிலையை. உப்பு, நல்ல என்ற இணை தெலுங்கில் ‘உப்பு நீள்ளு, மஞ்சி நீள்ளு’ என்றும், கன்னடத்தில் ‘உப்பு நீரு, சிஹி நீரு’ என்றும், இந்தியில் ‘காரா பானி, மீட்டா பானி’ என்றும் மக்கள் வாயிலேயே இருக்கிறது. ‘மீட்டா’ தனியாக நின்றால் இனிப்புக் கலந்த நீர் என்று தோன்றலாம். எதிரே ‘காரா’ நிற்பதால் பொருள் நிலைபெறுகிறது. இதற்கு மாறாக ‘சுத்தம்’ என்ற சொல்லை நம்பி எழுதினால் இடறும். தமிழில் ‘சுத்தப் பொய்’, தெலுங்கில் ‘சுத்த அபத்தம்’, கன்னடத்தில் ‘சுத்த சுள்ளு’ என்று பொய்க்கும் அதே அடைமொழிதான் வருகிறது. இத்தகைய உறுத்தலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூல வாசகத்தைப் பார்க்காத ஒருவரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்து, மீண்டும் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும்.

மொழி சரியாகப் போனாலும் நீர் மாறிவிடும். கேரளத்தின் திறந்த கிணறுகளில் பல இடங்களில் பெரிய தொல்லை உப்பைவிடப் பாக்டீரியாதான். அங்கே குழாயில் உப்புத் தண்ணீர் என்று சொன்னால் அது அந்த வீட்டுக்குப் பொருந்தாது. மலையாளத்துக்குக் கிருமியைப் பற்றிய வேறு வாசகம் எழுதுவதே சரி. அதற்கு வேறு பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும்.

கடைசியாக, அடிக்குறிப்பை நம்பாதீர்கள். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று சிறிய எழுத்தில் போட்டுத் தப்பிக்கும் வழியை, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அடைத்திருக்கின்றன. தவறாக வழிநடத்தும் கூற்றைப் பொறுப்புத்துறப்பு கொண்டு சரிசெய்ய முடியாது. அந்தக் குறிப்பு, கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். ஐந்து மொழிகளில் வாசகம் எழுதிவிட்டு அடிக்குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் விடும் பெட்டிகளை அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே நிறுத்திவிடுங்கள்.