விகிதம் தலைகீழானால் செலவு இருமடங்கு

சம உற்பத்திக் கோட்டை சம செலவுக் கோடு தொடும் புள்ளியை, அதாவது மிகக் குறைந்த செலவில் உற்பத்தி செய்யும் புள்ளியைக் கணக்கிடும்போது, பலரும் விலை விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். விடையைப் பார்த்தால் பிழையே தெரியாது. அதுதான் எனக்குக் கவலை.

உற்பத்தி Q, மூலதனம் K, உழைப்பு L; Q = √(KL) என்று வைத்துக்கொள்வோம். 100 அலகு உற்பத்தி வேண்டும். உழைப்பின் விலை 4, மூலதனத்தின் விலை 16. தொடுபுள்ளியில் K/L = 4/16, அதாவது K = L/4. எனவே L = 200, K = 50, செலவு 1600. தலைகீழாகப் போட்டால் K = 4L வரும். அப்போது L = 50, K = 200. உற்பத்தி அதே 100தான், செலவோ 3400!

பிழையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு காரணியின் இறுதிநிலை உற்பத்தியையும் அதன் விலையால் வகுத்துப் பாருங்கள். சரியான புள்ளியில் 0.25/4, 1/16 இரண்டுமே 0.0625. தவறான புள்ளியில் உழைப்புக்கு 0.25, மூலதனத்துக்கோ ஏறத்தாழ 0.016. விலை மலிவான உழைப்பைக் குறைத்துவிட்டோம் என்பது உடனே புலப்படும்.

Q = L + 3K போன்ற நேர்கோட்டுச் சார்பில் மட்டும் இந்தச் சமநிலையைத் தேடாதீர்கள். அங்கே 1/4, 3/16 இரண்டையும் ஒப்பிட்டு, பெரியதற்கே முழுச் செலவையும் ஒதுக்க வேண்டும். இங்கே அது உழைப்பு.