விலை ஏறும் வருடத்தில் குளோசிங் ஸ்டாக்: ஃபிஃபோவா, சராசரியா? ஒரே கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்போம்

எண்ணெய் ஏஜென்சி நடத்தும் நண்பர் ஒருவருக்கு வருடக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். "லாபம் வந்ததாகக் காட்டுகிறீர்கள், கையில் பணம் இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு வரி?" என்று கேட்டார். பதில் அவருடைய குடோனிலேயே இருந்தது. விலை ஏறுகிற வருடத்தில் மிச்சமிருக்கும் சரக்குக்கு என்ன மதிப்பு போடுகிறோமோ, அதுதான் லாபத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை, எண்களை மட்டும் எளிதாக்கி இங்கே தருகிறேன்.

கொள்முதல் பில், விற்பனை பில் எல்லாம் பதிந்தாகிவிட்டது, மார்ச் 31 அன்று சரக்கை எண்ணியும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். எண்ணாமல் கம்ப்யூட்டர் காட்டும் இருப்பை அப்படியே எடுப்பவர்கள் முதலில் எண்ணிவிட்டு வாருங்கள்.

படி 1: வருடத்தின் கொள்முதலை வரிசையாக எழுதுங்கள்

15 கிலோ தேங்காய் எண்ணெய் டின். விலை வருடம் முழுக்க ஏறிக்கொண்டே போகிறது.

| எப்போது | டின் | ஒரு டின் அடக்கம் (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|
| ஏப்ரல் 1 இருப்பு | 100 | 2,400 | 2,40,000 |
| ஜூலை | 200 | 2,700 | 5,40,000 |
| நவம்பர் | 200 | 3,300 | 6,60,000 |
| பிப்ரவரி | 100 | 3,600 | 3,60,000 |

மொத்தம் 600 டின், 18,00,000 ரூபாய். விற்றது 450. மார்ச் 31 அன்று குடோனில் 150. விற்பனைத் தொகை 15,30,000 ரூபாய்.

அடக்கம் என்றால் பில் விலை மட்டும் இல்லை. லாரி வாடகை, இறக்கு கூலி எல்லாம் சேர வேண்டும். சப்ளையர் கொடுத்த தள்ளுபடியைக் கழிக்க வேண்டும். உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கும் ஜி.எஸ்.டி.யைப் புத்தகத்தில் அடக்கத்தோடு சேர்க்காதீர்கள். வருமான வரிக்கு அதைச் சேர்த்துக் காட்டும் சரிக்கட்டல் தனியாக உண்டு. அதை ஆடிட்டர் தணிக்கை அறிக்கையில் பார்த்துக்கொள்வார்.

படி 2: ஃபிஃபோ

முதலில் வந்தது முதலில் போனது என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் மிச்சம் இருப்பது கடைசியாக வந்த சரக்கு. கீழிருந்து மேலே எண்ணுங்கள்: பிப்ரவரியின் 100 டின் முழுவதும், நவம்பரில் இருந்து 50.

100 × 3,600 = 3,60,000
50 × 3,300 = 1,65,000
இறுதி இருப்பு: 5,25,000

விற்ற சரக்கின் அடக்கம் 18,00,000-இல் இதைக் கழித்தால் 12,75,000. மொத்த லாபம் 15,30,000 − 12,75,000 = 2,55,000.

குடோனில் ஆள் உண்மையில் எந்த டின்னை முதலில் எடுத்தான் என்பது இங்கே பொருட்டில்லை. இது கணக்குக்கான அனுமானம்.

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் போட, B நெடுவரிசையில் எண்ணிக்கை, C-யில் விலை, F1-இல் 150. ஆறாவது வரியைக் காலியாக விடுங்கள். D2-வில் இதை எழுதி D5 வரை இழுத்துவிடுங்கள்:

```
=MAX(0,MIN(B2,$F$1-SUM(B3:B$6)))
```

ஒவ்வொரு கொள்முதலிலும் எத்தனை டின் மிச்சம் என்று D காட்டும். மதிப்பு:

```
=SUMPRODUCT(C2:C5,D2:D5)
```

படி 3: எடையிட்ட சராசரி

மொத்தத் தொகையை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும்: 18,00,000 ÷ 600 = 3,000. இறுதி இருப்பு 150 × 3,000 = 4,50,000. விற்ற சரக்கின் அடக்கம் 13,50,000. மொத்த லாபம் 1,80,000.

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUM(B2:B5)
```

ஃபிஃபோவில் வந்த லாபத்தைவிட 75,000 ரூபாய் குறைவு. விற்பனை ஒன்றுதான், கொள்முதல் ஒன்றுதான், பேங்கில் இருக்கும் பணமும் ஒன்றுதான். ஏறின விலையில் வாங்கிய சரக்கை ஃபிஃபோ இருப்பிலேயே வைத்துவிட்டு, பழைய மலிவான சரக்கைச் செலவில் தள்ளுகிறது. அதனால்தான் லாபம் கூடுகிறது. சராசரி முறை ஏற்றத்தை இரண்டு பக்கமும் பங்கிடுகிறது.

நண்பருடையது கூட்டு நிறுவனம். வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். சர்சார்ஜ் இல்லாவிட்டால் 31.2 சதவீதம். 75,000-க்கு 23,400 ரூபாய். கையில் பணம் இல்லாமல் வரி மட்டும் வந்ததன் காரணத்தில் இதுவும் ஒரு பங்கு. லாபம் எண்ணெயாகக் குடோனில் இருந்தது.

படி 4: எந்தச் சராசரி? இங்கேதான் நிற்க வேண்டும்

"சராசரி முறை" என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு எண்ணோடு வருவார்கள். இரண்டு பேர் கணக்கும் சரியாக இருக்கும். காரணம், சராசரியை வருட முடிவில் ஒரே தடவை எடுக்கலாம். அல்லது ஒவ்வொரு லோடு வரும்போதும் புதிதாக எடுக்கலாம். சரக்கிருப்பு பற்றிய கணக்கியல் தரமான ஏ.எஸ். 2-ம், வருமான வரிக்கான ஐ.சி.டி.எஸ். 2-ம் இரண்டையுமே ஏற்கின்றன. மேலே நான் போட்டது முதல் வகை. இரண்டாவதை, அதாவது நகரும் சராசரியைப் போட விற்பனைத் தேதிகளும் வேண்டும்.

ஜூலை லோடுக்கு முன் 60 டின் விற்றுவிட்டது. மிச்சம் 40, மதிப்பு 96,000. ஜூலையில் 200 வந்ததும் 240 டின், 6,36,000 ரூபாய். ஒரு டின் 2,650.

அதில் 190 விற்று 50 மிச்சம், மதிப்பு 1,32,500. நவம்பர் லோடு சேர்ந்ததும் 250 டின், 7,92,500. ஒரு டின் 3,170.

அதில் 150 விற்று 100 மிச்சம், 3,17,000. பிப்ரவரி லோடு சேர்ந்ததும் 200 டின், 6,77,000. ஒரு டின் 3,385.

கடைசியில் 50 விற்று 150 மிச்சம்: 150 × 3,385 = 5,07,750.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வையுங்கள்: வருடச் சராசரி 4,50,000, நகரும் சராசரி 5,07,750, ஃபிஃபோ 5,25,000. நகரும் சராசரி தன் பெயர்க்காரரை விட்டுவிட்டு ஃபிஃபோ பக்கம் போய் நிற்கிறது. சரக்கு வேகமாகச் சுழலும் கடையில் பழைய விலை சீக்கிரம் கரைந்துவிடுவதால் இப்படி ஆகிறது. ஆகவே "சராசரிக்கு மாறினால் வரி குறையும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சராசரி என்று கேளுங்கள். இந்தக் கணக்கில் நகரும் சராசரிக்கும் ஃபிஃபோவுக்கும் வித்தியாசம் வெறும் 17,250.

உங்கள் மென்பொருள் எதைப் போடுகிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். சோதனைக்காக ஒரு தனி நிறுவனம் திறந்து, மேலே உள்ள கொள்முதல், விற்பனையைத் தேதிவாரியாகப் பதியுங்கள். 4,50,000 காட்டினால் வருடச் சராசரி. 5,07,750 காட்டினால் நகரும் சராசரி. 5,40,000 காட்டினால் கடைசிக் கொள்முதல் விலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது இரண்டு முறையிலும் சேராது. டாலியில் பொருளுக்கான `Costing Method` பட்டியலில் `Avg. Cost`, `FIFO`, `Last Purchase Cost` எல்லாம் வரிசையாக இருக்கும். `LIFO` வகைகளும் இருக்கும். பட்டியலில் இருக்கிறதே என்று தேர்ந்தெடுக்காதீர்கள், நம் ஊர்த் தரங்களில் அதற்கு இடமில்லை.

என் விருப்பம் என்ன என்றால், மென்பொருளில் எது போட்டாலும் அதிக மதிப்புள்ள பத்துப் பதினைந்து பொருளுக்கு ஷீட்டில் ஒரு தடவை சரிபார்ப்பேன். சில்லறைச் சாமானுக்கு அவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

படி 5: அடுத்த வருடத்தையும் போட்டுப் பாருங்கள்

இந்த வருட இறுதி இருப்புதான் அடுத்த வருடத் தொடக்க இருப்பு. எனவே ஃபிஃபோவில் இப்போது கூடுதலாகக் காட்டிய 75,000 அடுத்த வருடம் செலவாக உள்ளே வருகிறது. விலை 3,600-லேயே நின்றுவிட்டது, 400 டின் வாங்கினோம், மறுபடி 150 மிச்சம் என்று வைப்போம்.

ஃபிஃபோ: 5,25,000 + 14,40,000 − 5,40,000 = 14,25,000 அடக்கம்.
வருடச் சராசரி: 4,50,000 + 14,40,000 = 18,90,000; 550 டின்னுக்கு வகுத்து 150-ஆல் பெருக்கினால் இருப்பு சுமார் 5,15,455; அடக்கம் சுமார் 13,74,545.

இம்முறை சராசரிக்காரருக்குத்தான் லாபம் 50,455 ரூபாய் அதிகம். ஆக, போன வருடம் மிச்சப்பட்டதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. சராசரி முறை வரியைத் தள்ளிப்போடுகிறது, ஒழிப்பதில்லை. விலை ஏறிக்கொண்டே இருந்து, இருப்பும் குறையாமல் இருந்தால் தள்ளிப்போவது நீளும். சரக்கைக் காலி செய்த வருடம் முழுதும் ஒன்றாக வந்து சேரும்.

இதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் போட விடமாட்டார்கள். நியாயமான காரணம் இல்லாமல் மதிப்பிடும் முறையை மாற்றக் கூடாது என்பது ஐ.சி.டி.எஸ். 2-இல் உள்ள விதி. "வரி குறைகிறது" என்பது காரணமாகாது. தொழிலே மாறியது, சரக்கின் தன்மை மாறியது என்றால் பேசலாம். தொடக்க இருப்பை மட்டும் புது முறையில் மாற்றிப் போடுவதும் செல்லாது. போன வருட இறுதி எண் அப்படியே வர வேண்டும்.

எது எடுப்பது என்று கேட்டால், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள சரக்குக்கு ஃபிஃபோ. டேங்கில் கலந்துவிடும் எண்ணெய், குவித்துப் போடும் தானியம் மாதிரி சரக்குக்குச் சராசரி. வரியை வைத்து மட்டும் எடுத்தால், கேஷ் கிரெடிட் வாங்கும் கடைக்காரருக்கு வேறு தொல்லை வரும்: சராசரியில் இருப்பு குறைவாகத் தெரியும், பேங்க் தரும் வரம்பும் அதற்கேற்பச் சுருங்கும். பேங்குக்கு ஒரு எண், வரிக்கு ஒரு எண் என்று கொடுப்பது கேள்வி வரவழைக்கிற வேலை.

பிற்சேர்க்கை 1: நான்கு விலைகளையும் கூட்டி நாலால் வகுத்தாலும் 3,000 வருகிறதே, எண்ணிக்கை எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த உதாரணத்தில் எண்ணிக்கைகள் 100, 200, 200, 100 என்று சமச்சீராக இருப்பதாலும், விலைகளும் 3,000-க்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் இருப்பதாலும் நேர்ந்த தற்செயல் அது. பிப்ரவரியில் 100-க்குப் பதில் 200 வாங்கியதாகப் போடுங்கள்: சாதா சராசரி 3,000-லேயே நிற்கும், எடையிட்ட சராசரி 3,085.71 ஆகும்.

பிற்சேர்க்கை 2: சிறு வணிகர்களுக்கான உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்கள் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வருமானம் விற்றுமுதலின் சதவீதம். இறுதி இருப்பு எவ்வளவு என்பது வரியைத் தொடாது.

பிற்சேர்க்கை 3: மார்ச் கடைசியில் விலை சடாரென்று இறங்கினால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். அடக்கம், விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும், அதுவும் பொருள் வாரியாக. டின் 3,200-க்குத்தான் போகும் என்ற நிலை வந்தால் விற்கும் செலவைப் பார்க்காமலே ஃபிஃபோவின் 5,25,000 என்பது 4,80,000-க்கு இறங்கும். வருடச் சராசரியின் 4,50,000 அப்படியே நிற்கும்.